நாவல் பேப்பர் வைவாவுக்குத் தயாராவது எப்படி: 'தி கைடு'-ஐ வைத்து ஒரு செயல்முறை

எழுத்துத் தேர்வில் கேள்வித்தாள் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. நீங்கள் என்ன எழுதினாலும் அடுத்த கேள்வி மாறாது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அப்படி இல்லை. முதல் கேள்வியை மட்டும்தான் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், கையோடு கொண்டுவருவார். இரண்டாவது கேள்வி உங்கள் முதல் பதிலிலிருந்துதான் பிறக்கும். மனப்பாடம் செய்த கட்டுரையோடு உள்ளே போகிறவர்கள் இரண்டாம் கேள்வியிலேயே திணறுவதற்குக் காரணம் இதுதான். அதனால் எந்த இடத்தில் பதிலை நிறுத்தினால் அடுத்த கேள்வி உங்களுக்குத் தெரிந்த பக்கமாக வரும் என்பதையும் சேர்த்தே தயார் செய்ய வேண்டும்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. அதனால் ஆங்கில இலக்கியத் துறைகளில் அடிக்கடி பாடமாக வைக்கப்படும் ஆர். கே. நாராயணின் 'தி கைடு' நாவலை எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வேறு நாவல் பாடமாக இருந்தாலும் இந்த வேலையை அதில் அப்படியே செய்து பார்க்கலாம்.

முதல் வேலை: கதையைப் பிரித்து அடுக்குவது

நாவலை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை நிறுத்தாமல், அடிக்கோடு போடாமல், கதைக்காகவே படியுங்கள். இரண்டாம் முறை ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாளின் இடப்பக்கம் புத்தகத்தில் நிகழ்ச்சிகள் வரும் வரிசை, வலப்பக்கம் அவை உண்மையில் நடந்த வரிசை.

இந்த நாவலுக்கு அந்தத் தாள் இல்லாமல் முடியாது. சிறையிலிருந்து வெளியே வந்த ராஜு, ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த கோயில் அருகே தனியாக உட்கார்ந்திருக்கிறான். வேலன் என்ற கிராமத்தான் வந்து, அவனைச் சாமியார் என்று நினைத்துக் கீழ்ப்படியில் உட்காருகிறான். புத்தகம் தொடங்குவது இங்கே. ஆனால் நடந்த வரிசையில் இது கிட்டத்தட்டக் கடைசிப் பகுதி. இதற்கு முன்னால் நடந்தவை வலப்பக்கத்தில் வர வேண்டும். மால்குடியில் அப்பாவின் சிறு கடை, ரயில்வே ஸ்டேஷன் வந்தபின் பிளாட்பாரக் கடை, பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்டும் 'ரயில்வே ராஜு' ஆனது, ரோஸியும் அவள் கணவன் மார்க்கோவும் வந்து இறங்கியது, மெம்பி மலையில் ராஜுவுக்கும் ரோஸிக்கும் ஏற்பட்ட உறவு, மார்க்கோ அவளை விட்டுவிட்டு ரயிலேறியது, அவள் ராஜுவின் வீட்டுக்கு வந்தது, அம்மா தன் அண்ணனோடு வீட்டைவிட்டுப் போனது, ரோஸி 'நளினி' என்ற பெயரில் மேடையேறிப் புகழ்பெற்றது, நகைப்பெட்டிக்காக ராஜு அவள் கையெழுத்தைத் தானே போட்டது, கைது, இரண்டு ஆண்டுச் சிறை. அதற்கப்புறம்தான் கோயில், வேலன், வறட்சி, விரதம்.

புத்தகத்தில் இந்த இரண்டு காலங்களும் மாறி மாறி வருகின்றன. கோயில் பகுதியை வெளியிலிருந்து ஒரு கதைசொல்லி 'ராஜு', 'அவன்' என்று சொல்கிறார். பழைய வாழ்க்கையை ராஜுவே 'நான்' என்று சொல்கிறான். யாரிடம் சொல்கிறான், எப்போது சொல்கிறான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேலனிடம்தான் சொல்கிறான். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபின், தான் சாமியாரே இல்லை என்று நிரூபிப்பதற்காக ஒரே இரவில் சொல்கிறான். சேவல் கூவும் நேரத்தில் கதை முடிகிறது. ஆனால் வாசகருக்கு அந்தக் கதை முதல் அத்தியாயத்திலிருந்தே துண்டு துண்டாக வரத் தொடங்கிவிடுகிறது. இதை அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் ஆசிரியர் அப்போதே சொல்லியும் விடுகிறார்: பின்னால் வேலன் என்று பெயர் தெரியவரும் ஆளிடம் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லும்போது ராஜு இதைச் சொன்னான் என்று. நோட்ஸ் மட்டும் படித்தவர்களுக்கு இந்த வரி தெரிய வாய்ப்பில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது வேலை: ஆறேழு காட்சிகளை மட்டும் கரைத்துக் குடிப்பது

முழு நாவலையும் எல்லா விவரங்களோடும் நினைவில் வைக்க முடியாது, தேவையும் இல்லை. எந்தக் கேள்வி வந்தாலும் சான்றாக எடுத்துக்காட்ட ஆறேழு காட்சிகள் போதும். யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள், காட்சி எப்படி முடிகிறது என்ற அளவுக்கு அவை தெரிந்திருக்க வேண்டும். ஒரு காட்சி குறைந்தது இரண்டு வகைக் கேள்விகளுக்காவது பயன்பட வேண்டும். ஒன்றுக்குத்தான் உதவும் என்றால் அதை விட்டுவிடலாம்.

'தி கைடு'க்கு நான் எடுப்பவை இவை. வேலன் முதன்முதலாக வந்து உட்காரும் காட்சி. பாம்பாட்டியின் நாகத்தைப் பார்த்து ரோஸி தன்னை மறந்து உடலை அசைக்கும் காட்சி. மார்க்கோ எழுதிய புத்தகத்தை ராஜு ரோஸியிடமிருந்து ஒளித்துவைப்பதும், அதைத் தொடர்ந்து வரும் கள்ளக் கையெழுத்தும். வேலனின் தம்பி செய்தியை மாற்றிச் சொல்லும் காட்சி. ராஜு கதையைச் சொல்லி முடித்தபின் வேலன் சொல்லும் பதில். அமெரிக்கக்காரர் மலோன் கேமராவோடு வந்து எடுக்கும் பேட்டி. கடைசியாக ஆற்றில் இறங்கும் காட்சி.

வேலனின் தம்பி வரும் காட்சியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தயாரிப்பு எந்த அளவுக்கு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பது அதில் தெரியும். வறட்சியில் கிராமத்தில் அடிதடி நடக்கிறது. வேலனுக்கும் அடிபடுகிறது. சண்டை பெரிதானால் போலீஸ் வரும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், தன் பழைய கதை வெளியே வந்துவிடும் என்பது ராஜுவின் கவலை. செய்தி கொண்டுவந்த தம்பிக்கு அவ்வளவு விவரம் போதாது. அவர்கள் ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை நான் சாப்பிட மாட்டேன் என்று போய்ச் சொல் என்று அவனிடம் ராஜு எரிச்சலில் சொல்லி அனுப்புகிறான். பையன் போய், சாமி இனிமேல் சாப்பாடு வேண்டாம் என்கிறார், மழை பெய்யாததால்தான் என்று சொல்லிவிடுகிறான். இதற்கு முன்பே ராஜு ஒரு சொற்பொழிவில், நல்லவர் ஒருவர் முழங்கால் அளவு நீரில் நின்று விரதமிருந்து வேண்டினால் மழை வரும் என்று சொல்லியிருக்கிறான். கிராமம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

இந்த ஒரு காட்சியிலிருந்து எத்தனை கேள்விகளுக்குப் பதில் வருகிறது பாருங்கள். முரண்நகை பற்றிக் கேட்டால், கூட்டம் வரக்கூடாது என்று சொல்லியனுப்பிய வார்த்தைதான் நாடு முழுவதும் இருந்து கூட்டத்தைக் கூட்டிவந்தது. விதியா, ராஜுவின் செயலா என்று கேட்டால், செய்தியைத் திரித்தது பையன், ஆனால் அதை நம்பும்படி ஆக்கியது ராஜுவின் பழைய பேச்சு. நகைச்சுவை பற்றிக் கேட்டாலும் இதையே சொல்லலாம். அந்தச் சமயத்தில் ராஜுவின் மனம் போண்டாவில் இருக்கிறது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட போண்டாவுக்காக ஏங்கிக்கொண்டிருப்பவன் தலையில்தான் விரதம் வந்து விழுகிறது.

மூன்றாவது வேலை: பதிலின் உருவம்

ஒரு பதிலுக்கு நான்கு படிகள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்திலேயே நேரடி விடை. அடுத்து ஒரு காட்சி, இரண்டு மூன்று வாக்கியங்களில். அந்தக் காட்சி விடையை எப்படி நிறுவுகிறது என்று ஒரு வாக்கியம். கடைசியாக, அதற்கு எதிராகப் போகும் ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டு நிறுத்துவது. மொத்தம் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம்.

நான்காவது படிதான் பலரிடம் இருப்பதில்லை. எதிர்ப்பக்கத்தை நீங்களே தொட்டுவிட்டால், 'அது என்ன, கொஞ்சம் சொல்லுங்க' என்று கேட்கத்தான் தேர்வாளருக்குத் தோன்றும். அந்தக் கேள்விக்கு நீங்கள் ஏற்கனவே தயாராக இருப்பீர்கள்.

வைவா ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவலில் நடப்பதை நிகழ்காலத்திலும், நாவலாசிரியரின் வாழ்க்கையை இறந்தகாலத்திலும் பேசிப் பழகுங்கள். பதற்றத்தில் முதலில் குழம்புவது இந்தக் காலங்கள்தான். ராஜு சொன்னான், சொல்கிறான், சொல்லியிருந்தான் என்று கலந்துவிட்டால், இந்த நாவலில் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதே கேட்பவருக்குப் புரியாது.

வரக்கூடிய கேள்விகள்

தொடக்கத்தில் சூடுபடுத்துவதற்காகச் சில தகவல் கேள்விகள் வரும். நாவல் வெளியான ஆண்டு 1958. சாகித்ய அகாதமி விருது 1960. மால்குடி ஒரு கற்பனை ஊர், நாராயணின் முதல் நாவலான 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935இல் வந்ததிலிருந்து அவர் கதைகளில் இருக்கிறது. மார்க்கோ என்பது அவனுடைய உண்மைப் பெயர் இல்லை, அவனுடைய உடையையும் தொப்பியையும் பார்த்து, மார்க்கோ போலோ மாதிரி இருக்கிறான் என்று ராஜு வைத்த பெயர். இந்தக் கேள்விகளுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஆண்டைக் கேட்டால் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்க வேண்டாம்.

அப்புறம் கதை சொல்லும் முறை பற்றிய கேள்வி. 'ஏன் இரண்டு குரல்கள்?' என்று கேட்பார்கள். சலிப்பு வராமல் இருக்க, சுவாரசியத்துக்காக என்று சொல்வது வீண். இப்படிச் சொல்லலாம்: 'பழைய வாழ்க்கையை ராஜுவே சொல்வதால் அதில் அவன் தன் செயலுக்குச் சொல்லும் நியாயமும் சேர்ந்து வருகிறது. கோயில் பகுதியை வேறொருவர் சொல்வதால் அவன் மனதுக்குள் நடப்பதையும், ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கையெழுத்து விஷயத்தை அவனே விளக்கும்போது அது பணத்துக்காக இல்லை என்கிறான். அதை நம்புவதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.' இங்கே நிறுத்திவிடுங்கள். 'நீங்க நம்புறீங்களா?' என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கு மார்க்கோவின் புத்தகக் காட்சி இருக்கிறது. புத்தகத்தையும் ஒளித்தவன் அவன்தான். ரோஸியின் மனம் கணவன் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம் கையெழுத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே பணம் மட்டும் காரணமில்லை என்பதை ஓரளவு ஏற்கலாம், ஆனால் அவளை இழந்தால் வருமானமும் போகும் என்பதை அவன் சொல்லாமல் விடுகிறான். இப்படி ஒரு பதிலைக் கேட்டபின், நீங்கள் புத்தகத்தைப் படித்தவர்தானா என்ற சந்தேகம் அவருக்கு வராது.

ரோஸி பற்றிய கேள்வி அநேகமாகத் தவறாது. தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்தவள், பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவள், பத்திரிகை விளம்பரம் பார்த்துக் கல்யாணம் ஆனவள். 'அவள் பாதிக்கப்பட்டவளா, சுதந்திரமானவளா?' என்று கேட்டால் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். மார்க்கோ அவள் நடனத்தைத் தடுக்கிறான், ராஜு அதே நடனத்தை வியாபாரம் ஆக்குகிறான். இரண்டு ஆண்களும் அவள் கலையின் மேல் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று தொடங்குங்கள். ராஜு கைதான பின் வழக்குக்குப் பணம் தேடித்தருகிறாள், ஆனால் அவனோடு சேர்ந்து மூழ்கவில்லை. சென்னைக்குப் போய்த் தன் நடனத்தைத் தொடர்கிறாள். அவள் இல்லாவிட்டால் தான் இல்லை என்பதும், தான் இல்லாமல் அவளால் இருக்க முடியும் என்பதும் ராஜுவுக்கே சிறையில் தெரிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கமாக, தன்னை விட்டுவிட்டுப் போன கணவனின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கண்ணாடியில் வைத்திருந்தவளும் அவள்தான் என்று சொல்லி நிறுத்துங்கள்.

முடிவு பற்றிய கேள்வி, முழுதாக

இந்த நாவலுக்கு இதுதான் பெரிய கேள்வி. விரதத்தின் கடைசிக் கட்டத்தில் ராஜுவை இருபுறமும் தாங்கிப் பிடித்து ஆற்றுக்கு அழைத்துப் போகிறார்கள். மலைப்பக்கம் மழை பெய்கிறது, அது என் காலடியில் ஏறி வருவது தெரிகிறது என்று வேலனிடம் சொல்கிறான். சொல்லிக்கொண்டே சாய்கிறான். நாவல் முடிந்துவிடுகிறது.

பேச்சு எப்படிப் போகும் என்று பார்க்கலாம். ஆங்கிலத்தில் நடப்பதைத் தமிழில் தருகிறேன். முதலில், அடிக்கடி நடப்பது இது.

'கடைசியில் மழை வருதா?'

'வருது சார். ராஜு உயிரைத் தியாகம் செய்றான், மழை பெய்யுது, மக்கள் எல்லாரும் சந்தோஷப்படறாங்க. ரோஸியும் வந்து பார்க்கிறாள்.'

'ரோஸி வர்றாளா? எந்தப் பக்கம்?'

இதோடு முடிந்தது. மழை கொட்டுவதும் ரோஸியும் அம்மாவும் கோயிலுக்கு வருவதும் 1965இல் வந்த இந்திப் படத்தில். நாவலில் இரண்டும் இல்லை. தேர்வாளர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். புத்தகத்தைத் திறக்காதவரைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருக்கும் சுலபமான வழியும் இதுதான். படம் பார்த்தவர்கள், படத்துக்கும் நாவலுக்கும் வேறுபடும் இடங்களைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் படம் நாராயணுக்குப் பிடிக்கவில்லை என்பதும், மால்குடிக் கதையை வடக்கே கொண்டுபோய் எடுத்ததில் அவருக்கு வருத்தம் இருந்தது என்பதும் கூடுதல் செய்தி. கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

இப்போது தயாராக வந்த ஒருவர்.

'கடைசியில் மழை வருதா?'

'நாவல் அதை உறுதி செய்யவில்லை, சார். மழை பெய்கிறது என்று ராஜுதான் சொல்கிறான். கதைசொல்லி அதை ஆமோதிக்கவில்லை. அவன் சாய்கிறான் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார். இறந்துவிட்டான் என்றும் சொல்லவில்லை. இவ்வளவு நேரமும் ராஜுவின் மனதுக்குள் இருப்பதை நமக்குச் சொல்லிவந்த கதைசொல்லி, இந்த ஒரு இடத்தில் மௌனமாகிறார். ஆனால் ராஜு மாறிவிட்டானா என்பது வேறு கேள்வி. அதற்கு நாவலில் சான்று இருக்கிறது.'

'என்ன சான்று?'

கடைசி வாக்கியம் எப்படி அடுத்த கேள்வியை வரவழைத்தது என்று கவனியுங்கள். இப்போது இவர் விரதத்தின் நடுவில் வரும் பகுதிக்குப் போகலாம்.

'விரதத்தின் ஆரம்பத்தில் அவன் மிச்சச் சாப்பாட்டை ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறான். பிறகு சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதில் அவனுக்கே கோபம் வருகிறது. நான் சாப்பிடாமல் இருப்பதால் மரம் பூக்கும், புல் வளரும் என்றால் அதை ஒழுங்காகவே செய்தால் என்ன என்று நினைக்கிறான். வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்கு லாபமில்லாத ஒன்றை முழுமனதோடு செய்கிறான் என்று கதைசொல்லியே சொல்கிறார். கதைசொல்லி சொல்வதால் இதை ராஜுவின் நடிப்பு என்று தள்ள முடியாது.'

'அப்படின்னா அவன் சாமியார்தான்னு சொல்லலாமா?'

'முழுதாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அதற்கப்புறம்தான் மலோன் பேட்டி வருகிறது. நீங்கள் எப்போதும் யோகியாகவே இருந்தீர்களா என்று அவர் கேட்கிறார். கிட்டத்தட்ட ஆமாம் என்கிறான் ராஜு. மனம் மாறியவனும் கேமரா முன்னால் பழைய ரயில்வே ராஜுவாகவே பதில் சொல்கிறான். அதனால் அவன் மாறினான், ஆனால் பழைய ஆள் போய்விடவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.'

இதில் இருபுறமும் சான்று இருக்கிறது, சொந்த நிலைப்பாடும் இருக்கிறது. 'அது வாசகரைப் பொறுத்தது' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் நழுவல் ஆகியிருக்கும். முடிவு திறந்திருக்கிறது என்று சொன்னால், எந்த வாக்கியம் அதைத் திறந்து வைக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

இதே கேள்விக்கு இன்னொரு கதவும் உண்டு. இந்தக் கதைக்கு விதை போட்ட நிகழ்ச்சியைத் தன் சுயசரிதையில் நாராயண் எழுதியிருக்கிறார். மைசூர்ப் பக்கம் கடும் வறட்சி வந்து கிருஷ்ணராஜ சாகர் அணையே வற்றியபோது, காவிரியின் காய்ந்த படுகையில் வேதியர்கள் முழங்கால் அளவு நீரில் நின்று 11 நாள் விரதமிருந்து ஜபம் செய்தார்கள். 12ஆம் நாள் மழை பெய்தது. நிஜத்தில் மழை வந்திருக்கிறது, நாவலில் அந்த உறுதியை ஆசிரியர் எடுத்துவிட்டார். நாவலை அவர் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லியில் தங்கியிருந்தபோது எழுதினார். பின்னணித் தகவல் என்றால் இப்படித்தான் பயன்பட வேண்டும். கேள்விக்கு உள்ளே போக உதவாத வாழ்க்கைக் குறிப்பைச் சேர்த்தால் நேரம்தான் வீணாகும்.

முடிவைப் பற்றிய பேச்சில் வேலனையும் மறந்துவிடாதீர்கள். இரவு முழுவதும் கேட்டுவிட்டு, இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை சாமி, அடியேனிடம் இவ்வளவு நேரம் பேசியது உங்கள் பெரிய மனசு என்கிறான் அவன். பொய்க்காரன் உண்மையைச் சொன்னாலும் பக்தன் அதைப் பணிவாக எடுத்துக்கொள்கிறான். ராஜுவைச் சாமியார் ஆக்கியது ராஜுவா, வேலனா என்று கேட்டால் இந்த ஒரு பதிலை வைத்தே ஐந்து நிமிடம் பேசலாம். எனக்கு நாவலிலேயே மிகப் பிடித்த இடம் இது.

ஒத்திகை

தனியாகக் கண்ணாடி முன் பேசிப் பார்ப்பதால் பெரிய பலன் இல்லை. குறுக்கே கேட்க ஆள் வேண்டும். அதே நாவலைப் படித்த ஒரு தோழியையோ தோழனையோ உட்கார வைத்து, அவர்களுக்கு மூன்றே மூன்று கேள்விகளைக் கொடுங்கள்: 'எங்கே வருது?', 'எப்படித் தெரியும்?', 'அப்படி இல்லன்னு ஒருத்தர் சொன்னா?' நீங்கள் எந்தத் தலைப்பில் பேசினாலும் அவர்கள் இதில் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். எங்கே திணறுகிறீர்களோ அந்தப் பக்கத்தை அன்றைக்கே திறந்து படியுங்கள். நாவல் படிக்காத ஒருவரை உட்கார வைத்தாலும் ஒரு வகையில் நல்லதுதான். கதை வரிசையை அவருக்குப் புரியும்படி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்தால் உங்கள் முதல் தாள் சரியாக வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

பேச்சை போனில் பதிவு செய்து கேட்டால் இரண்டு விஷயங்கள் உடனே தெரியும். விடை முதல் வாக்கியத்தில் வருகிறதா, இல்லை முன்னுரை ஓடுகிறதா என்பது ஒன்று. 'இந்த நாவல் இந்திய சமூகத்தைக் கண்ணாடிபோல் காட்டுகிறது' என்ற மாதிரி, எந்த நாவலுக்கும் ஒட்டும் வாக்கியங்கள் எத்தனை வருகின்றன என்பது இன்னொன்று. அத்தகைய வாக்கியம் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு காட்சியைப் போட்டுவிடுங்கள்.

அறைக்குள்

உங்கள் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று துறையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால், ஆறேழு காட்சிகளின் பக்கத்திலும் சீட்டு இருக்கட்டும். 'படிச்சுக் காட்டுங்க' என்றால் தேடாமல் திறக்கலாம். கேள்வி புரியவில்லை என்றால், 'விரதப் பகுதியைப் பற்றிக் கேட்கிறீர்களா, சார்?' என்று ஒரு பக்கத்தைக் குறிப்பிட்டுத் திருப்பிக் கேளுங்கள். வெறுமனே 'என்ன சார்?' என்பதைவிட அது நல்லது.

விமர்சகர்கள் பெயரை அள்ளி வீச வேண்டாம். ஒரு பெயரைச் சொன்னால், அவர் எழுதியதில் என்ன படித்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. நீங்களே படித்த ஒரு கட்டுரை இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள்.

பதில் தெரியாத கேள்வியும் வரும். எனக்குத் தெரியாது என்று சொல்வது தன் சுபாவத்திலேயே இல்லை, அப்படிச் சொல்லியிருந்தால் தன் வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும் என்று ராஜு ஓரிடத்தில் சொல்கிறான். பார்க்காத இடத்தைப் பற்றியும் பயணிகளுக்குச் சரளமாக அளந்துவிட்டவன் அவன். எக்ஸ்டர்னல் முன்னால் அந்த வித்தை செல்லாது. 'அந்த இடம் நினைவில் இல்லை, சார், ஆனால் அதோடு தொடர்புள்ள ஒரு காட்சியைச் சொல்லலாமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இட்டுக்கட்டிய ஒரு காட்சியைப் பிடித்துவிட்டால், அதற்கு முன் நீங்கள் சொன்ன சரியான பதில்களையும் அவர் மறுபடி கிளறத் தொடங்கிவிடுவார்.